சொந்தமாகக் கட்டிய வீட்டுக்கு நிறைவுச் சான்றிதழ்: வரைபடமும் புகைப்படமும் தயாரித்து விண்ணப்பிக்கும் வழி

ஒப்பந்தக்காரரிடம் மொத்தமாக விடாமல், கொத்தனாரையும் கம்பி கட்டுபவரையும் நீங்களே அழைத்து, பொருளையும் நீங்களே வாங்கிப்போட்டுக் கட்டிய வீடா உங்களுடையது? அப்படியானால், வீடு அனுமதித்தபடி கட்டி முடிந்தது என்று அனுமதி தந்த அலுவலகம் கொடுக்கும் நிறைவுச் சான்றிதழைக் கேட்கும்போது ஒரு சிக்கல் வரும். வேலை எப்படி நடந்தது என்பதற்கான பதிவுகள் யார் கையிலும் இருக்காது. ஒப்பந்தக்காரர் இருந்தால் அவர் அளவுப் புத்தகமும் படங்களும் வைத்திருப்பார். இங்கே அந்தப் பொறுப்பும் உங்களுடையதுதான்.

நானும் இப்படிக் கட்டிய வீட்டுக்குத்தான் சான்றிதழ் வாங்கினேன். விண்ணப்பப் படிவம் ஒரு பெரிய விஷயமே இல்லை. கோப்பு திரும்பி வருவதெல்லாம் வரைபடத்தாலும் படங்களாலும்தான். அலுவலகம் மூன்றை அடுக்கிவைத்துப் பார்க்கிறது: முன்பு அனுமதித்த வரைபடம், நீங்கள் இப்போது கொடுக்கும் வரைபடம், தரையில் நிற்கும் வீடு. மூன்றும் ஒன்றையே சொன்னால் கோப்பு நகரும். கண்ணுக்குத் தெரியாமல் மூடப்பட்ட பகுதிகளுக்குப் புகைப்படம் மட்டுமே சாட்சி. ஆகவே இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி அவை இரண்டைப் பற்றித்தான்.

விதிகளும் கட்டணங்களும் இடத்துக்கு இடம் மாறும். சில இடங்களில் சிறிய வீடுகளுக்கு இந்தச் சான்றிதழே கட்டாயமில்லை. எனவே உங்கள் வீட்டின் உயரத்தையும் பரப்பையும் சொல்லி, தேவையா இல்லையா என்று முதலில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். தேவை என்றால் மேலே படியுங்கள்.

1. அனுமதிக் கடிதத்தை முழுவதும் படியுங்கள்

வீடு கட்ட அனுமதி கிடைத்தபோது முத்திரையிட்ட வரைபடத்தோடு ஒரு கடிதமும் வந்திருக்கும். பலர் வரைபடத்தை மட்டும் பத்திரப்படுத்திக் கடிதத்தை மறந்துவிடுவார்கள். நிறைவுச் சான்றிதழுக்கு வேண்டிய பாதி விஷயம் அந்தக் கடிதத்தில்தான் இருக்கிறது. மழைநீர்ச் சேகரிப்பு, கழிவுநீர்த் தொட்டியின் இடம், வண்டி நிறுத்தும் இடம், மரம் நடுவது என்று என்னென்ன நிபந்தனை விதித்திருக்கிறார்கள் என்று ஒரு தாளில் ஒவ்வொன்றாக எழுதி, எதிரே அதை நிறைவேற்றியாயிற்றா என்று குறித்துக்கொள்ளுங்கள். இறுதி ஆய்வுக்கு வருபவர் அநேகமாக இதே வரிசையில்தான் கேட்பார்.

அதே கடிதத்தில் அனுமதி எந்தத் தேதி வரை செல்லும் என்றும் இருக்கும். சொந்தமாகக் கட்டும் வீடுகள் கையில் பணம் வரும் வேகத்தில்தான் எழும்புகின்றன என்பதால் அந்தத் தேதி தாண்டிப்போவது சகஜம். தாண்டுவதற்கு முன் நீட்டிப்புக் கேட்டால் பெரும்பாலும் ஒரு விண்ணப்பத்தோடு முடியும். தாண்டிய பிறகு போனால் சில இடங்களில் புதிய அனுமதியே வாங்கச் சொல்வார்கள். தேதி நெருங்கிக்கொண்டிருந்தால், மற்ற எந்த வேலைக்கும் முன் நீட்டிப்பு விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள்.

வேலை தொடங்குவதாகத் தெரிவித்த கடிதம், அஸ்திவார மட்டத்தில் ஆய்வு நடந்திருந்தால் அதன் குறிப்பு, கட்டிய கட்டணங்களின் ரசீதுகள் எல்லாவற்றையும் இப்போதே ஒரே கோப்பில் சேருங்கள். அனுமதி பெற்றபோது காப்புத்தொகை ஏதாவது கட்டியிருந்தால் அந்த ரசீதைத் தனியாக எடுத்துவையுங்கள். அது கடைசியில் தேவைப்படும்.

2. வீட்டை அளந்து பாருங்கள்

படிவம் நிரப்புவதற்கு முன், வரைபடம் வரையக் கொடுப்பதற்கு முன், நீங்களே ஒருமுறை வீட்டை அளந்துவிடுங்கள். பொறியாளர் பிறகு அளக்கத்தான் போகிறார். ஆனாலும் எங்கே விலகல் இருக்கிறது என்று உங்களுக்கு முன்பே தெரிந்தால், அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதும் தெரியும்.

30 மீட்டர் டேப்பும் உடன் பிடிக்க ஒரு ஆளும் போதும். வெளிப்பூச்சு முடிந்த பிறகு அளவெடுங்கள். சுற்றுச்சுவரோரம் செடியும் சாமானும் அடைவதற்கு முன் எடுத்துவிடுவது வசதி.

ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு சொல்கிறேன். மனை 12.00 மீட்டர் அகலம், 18.00 மீட்டர் நீளம், நான்கு மூலையும் சரியான செங்கோணம். அனுமதித்த வரைபடத்தில் வீடு 9.00 மீட்டர் அகலம், 12.00 மீட்டர் நீளம். இரண்டு பக்கமும் 1.50 மீட்டர் இடைவெளி, முன்னும் பின்னும் 3.00 மீட்டர். கணக்கு கச்சிதமாக இருக்கிறது.

இப்போது கட்டிய வீட்டை அளக்கிறோம். கொத்தனார் செங்கல் முகத்திலிருந்து செங்கல் முகத்துக்குச் சரியாக 9.00 மீட்டர் வைத்துக் கட்டியிருக்கிறார். அதன்மேல் இருபுறமும் 20 மில்லிமீட்டர் பூச்சு ஏறியதில் வீடு 9.04 மீட்டர் ஆகிவிட்டது. நீளமும் அதேபோல் 12.04. யாரும் தவறு செய்யவில்லை, ஆனால் ஒவ்வொரு பக்கமும் 2 சென்டிமீட்டர் இடைவெளி குறைந்துவிட்டது. சுவரில் கல்லோ டைல்ஸோ ஒட்டியிருந்தால் இன்னும் குறையும்.

வலது பக்கம் டேப் பிடித்தால் 1.25 மீட்டர்தான் காட்டுகிறது. இதைப் பார்த்ததும் பலருக்கும் பகீரென்று இருக்கும். அந்தப் பக்கம் சுற்றுச்சுவர் 23 சென்டிமீட்டர் தடிமன். அது முழுவதும் உங்கள் மனைக்குள்ளேயே கட்டப்பட்டிருக்கிறது. எல்லை என்பது சுற்றுச்சுவரின் வெளிமுகம். ஆகவே இடைவெளி 1.25 + 0.23 = 1.48. இடது பக்கம் சுவர் இல்லை, எல்லைக்கல்லிலிருந்து நேராக 1.48. கூட்டிப் பாருங்கள்: 1.48 + 9.04 + 1.48 = 12.00. இப்படி மனையின் அகலத்தோடு கூட்டுத்தொகை பொருந்துகிறதா என்று ஒவ்வொரு கோட்டிலும் சரிபாருங்கள். பொருந்தாவிட்டால் டேப் தொய்ந்திருக்கிறது, அல்லது எல்லைக்கல் இடம் மாறியிருக்கிறது. எல்லைக்கல் சந்தேகம் என்றால் அங்கேயே நிறுத்தி, முதலில் நில அளவையாளரை வைத்து எல்லையை உறுதிசெய்யுங்கள். தவறான எல்லையிலிருந்து எடுக்கும் எந்த அளவும் பயன்படாது.

முன்பக்கம் மட்டும் அளந்துவிட்டு விடாதீர்கள். இதே வீட்டில் பின்பக்க மூலைகளில் அளந்தால் இடது 1.52, வலது 1.44 வருகிறது. கூட்டுத்தொகை அப்போதும் 12.00தான். வீடு மனையில் சற்றுத் திரும்பி நிற்கிறது என்று அர்த்தம். முன்பக்க இடைவெளியும் இதையே சொல்லும்: இடது மூலையில் 2.98, வலது மூலையில் 2.95. வீடே கோணலா, அல்லது மூலைகள் செங்கோணமாக உள்ள வீடு திரும்பி நிற்கிறதா என்று அறிய மூலைவிட்டங்களை அளக்க வேண்டும். வீட்டுக்குள் குறுக்கே டேப் இழுக்க முடியாது. ஆகவே சுவர்கள் வெளிமுகத்தோடு முடியும் மொட்டைமாடியில் மூலைக்கு மூலை பிடியுங்கள். 9.04க்கு 12.04 என்ற செவ்வகத்துக்கு இரண்டு மூலைவிட்டமும் ஏறத்தாழ 15.06 மீட்டர் வர வேண்டும். இரண்டும் சமமாக இருந்தால் வீடு சரி, நிற்கும் கோணம்தான் மாறியிருக்கிறது.

இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கக் காரணம் இருக்கிறது. ஆய்வுக்கு வருபவர் குறைந்தபட்ச இடைவெளியைத்தான் எடுத்துக்கொள்வார். வலது பின்மூலையில் உள்ள 1.44தான் உங்கள் பக்க இடைவெளி. எத்தனை சென்டிமீட்டர் வரை பொறுத்துக்கொள்வார்கள் என்பது அந்தந்த இடத்து விதியில் இருக்கும். அளவெடுத்த கையோடு அலுவலகத்தில் போய் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். இடைவெளியைப் பூச்சு முகத்திலிருந்து கணக்கிடுகிறார்களா, செங்கல் முகத்திலிருந்தா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

உயரத்தை விட்டுவிடாதீர்கள். சாலை மட்டத்திலிருந்து தரைத்தளம் எவ்வளவு உயரம், தரையிலிருந்து கூரையின் அடி வரை எவ்வளவு, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் எவ்வளவு என்று மூன்று அளவு வேண்டும். சாலைக்கும் தரைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூப்பை வைத்தே எடுத்துவிடலாம்.

3. மாற்றங்களை மூன்றாகப் பிரியுங்கள்

சொந்தமாகக் கட்டும்போது வழியில் மனம் மாறாத வீடு அபூர்வம். ஜன்னல் இடம் மாறும், அறைக்கு நடுவே சுவர் நகரும், பின்னால் ஒரு துணி துவைக்கும் இடம் முளைக்கும். அனுமதித்த வரைபடத்தின் நகல் ஒன்றை எடுத்து, மாறிய ஒவ்வொன்றையும் சிவப்பு மையால் அதன் மேலேயே வரைந்து எண்ணிடுங்கள். பிறகு அவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, கட்டியபடி வரைந்து காட்டினாலே போதும் என்பவை. எடையைத் தாங்காத உட்சுவர் நகர்ந்தது, கதவு வேறு பக்கம் திறப்பது, ஜன்னல் அதே சுவரில் சற்றுத் தள்ளிப்போனது போன்றவை பெரும்பாலும் இதில் வரும். ஆனால் ஜன்னல் சிறிதாகியிருந்தால் கவனம் தேவை. அறையின் பரப்புக்கு இத்தனை பங்கு காற்றோட்டத் திறப்பு வேண்டும் என்று விதி இருக்கும். அது குறைகிறதா என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

இரண்டாம் வகை, திருத்திய வரைபடத்துக்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டியவை. பரப்பு கூடியது, தூணோ பீமோ இடம் மாறியது, இடைவெளிக்குள் கூரையோடு ஏதாவது வந்தது எல்லாம் இங்கே. நம் வீட்டையே பார்ப்போம். பின்சுவரை ஒட்டி, இடது மூலையில், 2.00 மீட்டர் அகலத்துக்கு 1.20 மீட்டர் வெளியே வந்து கூரை போட்ட ஒரு துவைக்கும் இடம் கட்டப்பட்டிருக்கிறது. அந்த மூலையில் பின் இடைவெளி 2.98. அதில் 1.20 போனால் 1.78 மிச்சம். பின்பக்கம் குறைந்தது 1.50 விட வேண்டும் என்று விதி இருந்தால் இது தப்பும், ஆனால் திருத்திய அனுமதி வேண்டும். குறைந்தது 2.00 என்றால் தப்பாது.

தப்பாதவைதான் மூன்றாம் வகை: இடிக்க வேண்டியவை அல்லது கூரையை எடுக்க வேண்டியவை. இதில் எதையும் வைத்துக்கொண்டு விண்ணப்பிக்காதீர்கள். ஆய்வில் நிராகரிப்பு என்று ஒருமுறை எழுதப்பட்டுவிட்டால், பிறகு நீங்கள் சரிசெய்தாலும் கோப்பு தொடக்கத்திலிருந்து போகும். கட்டணமும் மறுபடி விழலாம். இந்த வகை வேலையை முதலில் முடித்து, சரிசெய்த பின் படம் எடுத்துக்கொண்டு பிறகு போங்கள்.

திருத்திய அனுமதியையும் நிறைவுச் சான்றிதழையும் ஒரே நேரத்தில் கேட்க முடியுமா என்று விசாரியுங்கள். சில அலுவலகங்கள் சேர்த்து வாங்கிக்கொள்ளும், சில முதலில் அது, பிறகு இது என்று வரிசையாகத்தான் பார்க்கும். உங்கள் கால அட்டவணையைப் பெரிதும் நீட்டுவது இந்த ஒரு விஷயம்தான்.

4. கட்டியபடி வரைபடம்

நீங்கள் அளந்ததையும் சிவப்பு மையில் குறித்த நகலையும் எடுத்துக்கொண்டு, அலுவலகத்தில் பதிவுபெற்ற பொறியாளரிடமோ கட்டடக் கலைஞரிடமோ போங்கள். பெரும்பாலும் அவர் கையெழுத்து இல்லாத வரைபடத்தை வாங்கமாட்டார்கள். அனுமதி வாங்கித்தந்தவரிடமே போவது நல்லது. அவரிடம் பழைய கணினிக் கோப்பு இருக்கும், அதில் திருத்தினால் போதும். ஆனால் அதிலேயே ஒரு பொறியும் இருக்கிறது. வேலை எளிது என்பதால் வீட்டை அளக்காமல் பழைய வரைபடத்தின் தலைப்பை மட்டும் மாற்றி அச்சிட்டுக் கொடுத்துவிடுவார்கள். நீங்கள் எடுத்த 1.44 வரைபடத்தில் 1.50 என்றே இருந்தால் அப்படித்தான் நடந்திருக்கிறது. அதை வாங்காதீர்கள். ஆய்வு நாளில் டேப் 1.44 காட்டும்போது, விலகலைவிடப் பொய்யான வரைபடம் கொடுத்ததுதான் பெரிய குற்றமாகப் பார்க்கப்படும்.

வழக்கமாகக் கேட்கப்படும் தாள்கள் இவை:

- மனைப்படம்: எல்லை, வீடு, நான்கு மூலையிலும் இடைவெளி, சாலை, வடக்குக் குறி, கழிவுநீர்த் தொட்டி, கிணறோ ஆழ்துளையோ இருந்தால் அவற்றுக்கிடையே உள்ள தூரம்
- ஒவ்வொரு தளத்தின் தரைப்படம், மொட்டைமாடியும் சேர்த்து
- முகப்புத் தோற்றமும் குறைந்தது ஒரு பக்கத் தோற்றமும்
- படிக்கட்டு வழியாகச் செல்லும் ஒரு வெட்டுத்தோற்றம்
- அனுமதித்த பரப்பும் கட்டிய பரப்பும் பக்கத்தில் பக்கமாக உள்ள அட்டவணை

கடைசியில் சொன்ன அட்டவணையைக் கூர்ந்து பாருங்கள். நம் வீட்டில் அனுமதித்தது 9.00 × 12.00 = 108.00 சதுர மீட்டர். கட்டியது 9.04 × 12.04 = 108.84. துவைக்கும் இடம் 2.40. மொத்தம் 111.24. கூடுதல் 3.24 சதுர மீட்டரில் 0.84 பூச்சால் மட்டுமே வந்தது. இரண்டையும் தனித்தனி வரியில் காட்டச் சொல்லுங்கள். மொத்தமாக 3.24 என்று எழுதினால் அத்தனைக்கும் கூடுதல் கட்டணம் கேட்கப்படலாம். பிரித்துக் காட்டினால் பூச்சுக் கணக்கைத் தள்ளிவிடும் விதி இருக்கும் இடத்தில் அது தள்ளப்படும்.

அச்சிடும்போது நடக்கும் ஒரு சிறிய விபத்து பல கோப்புகளைத் திருப்பியனுப்பியிருக்கிறது. 1:100 அளவில் வரைந்த பிடிஎஃப் கோப்பை அச்சுக்கடையில் கொடுத்தால், அச்சு அமைப்பில் `Fit` என்று இருப்பதால் தாளுக்குள் அடங்க அது சற்றுச் சுருங்கிவிடும். தாளில் 1:100 என்று எழுதியிருக்கும், அளவுகோல் வைத்தால் பொருந்தாது. `Actual size` என்று மாற்றச் சொல்லுங்கள். வந்த தாளில் வீட்டின் அகலத்தின் மேல் அளவுகோல் வைத்துப் பாருங்கள்: 9.04 மீட்டர் என்பது 9 சென்டிமீட்டரைச் சற்றே தாண்ட வேண்டும். கடையை விட்டு வெளியே வருவதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுங்கள்.

5. புகைப்படங்கள்

அலுவலகம் கேட்கும் படங்கள் இரண்டு விதம். வீடு முடிந்த பின் எடுப்பவை ஒன்று. வேலை நடக்கும்போது, மூடுவதற்கு முன் எடுக்க வேண்டியவை இன்னொன்று. வீடு இன்னும் முடியாத நிலையில் இதைப் படிப்பவர்களுக்கு இரண்டாவதுதான் முக்கியம். அந்த வாய்ப்பு திரும்பி வராது.

அஸ்திவாரக் குழியில் கம்பி கட்டி கான்கிரீட் போடுவதற்கு முன், பிளிந்த் பீம் கம்பி, தூண் கம்பி, ஒவ்வொரு தளத்தின் கூரைக் கம்பி, கழிவுநீர்த் தொட்டியின் உட்புறம், மண்ணுக்குள் போகும் குழாய்கள், குளியலறைத் தரையின் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு ஆகிய ஒவ்வொன்றுக்கும் இரண்டு படம் வேண்டும். எந்த இடம் என்று தெரியும்படி தூரத்திலிருந்து ஒன்று, கம்பி இடைவெளியோ குழாய் விட்டமோ தெரியும்படி டேப்பை விரித்துவைத்து அருகிலிருந்து ஒன்று. அருகிலிருந்து எடுத்தது மட்டும் இருந்தால் அது உங்கள் வீடுதான் என்று நிறுவ முடியாது. கம்பியின் கம்பீரமான படம் எத்தனை இருந்தாலும் பின்னணியில் பக்கத்துச் சுவரோ சாலையோ தெரியாவிட்டால் பயனில்லை.

முடிந்த வீட்டுக்கு எடுக்க வேண்டியவை: சாலையும் கதவு எண்ணும் தெரியும் முகப்பு, மற்ற மூன்று பக்கங்கள், நான்கு இடைவெளிகள், படிக்கட்டும் அதன் கைப்பிடியும், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர், கழிவறை, கழிவுநீர்த் தொட்டி மூடி, மழைநீர்க் குழாய் போய்ச்சேரும் இடம், மின் மீட்டர். அனுமதிக் கடிதத்தில் தனியாக நிபந்தனை விதித்திருந்தால் அதற்கும் ஒன்று.

இடைவெளியைப் படமெடுப்பதுதான் கஷ்டம். ஒன்றரை மீட்டர் சந்தில் நின்று போனின் அகலக் கோண லென்ஸைப் போட்டால் சந்து மூன்று மீட்டர் மாதிரித் தெரியும், சுவரும் வளையும். அதைப் பார்ப்பவர் நம்பமாட்டார். சந்தின் முனையில் நின்று சாதாரண லென்ஸில் முழு நீளமும் தெரிய ஒன்று எடுங்கள். பிறகு டேப்பைச் சுவருக்கும் எல்லைக்கும் இடையே பிடித்து, எண் படிக்கும்படி ஒன்று. சந்தில் சிமென்ட் மூட்டையோ சாரக்கட்டையோ கிடந்தால் அப்புறப்படுத்திவிட்டு எடுங்கள். சாரம் தெரிந்தால் வேலை முடியவில்லை என்றே எழுதுவார்கள்.

படத்தின் தேதி அந்தக் கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்தத் தகவல் போய்விடும், தெளிவும் குறையும். கொத்தனார் எடுத்த படங்கள் அவர் போனிலிருந்து வர வேண்டுமானால் ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது கேபிள் போட்டு எடுங்கள். மூலக் கோப்பைத் தொடாமல் வைத்துக்கொண்டு நகலில் மட்டும் பெயர் மாற்றுங்கள். இணையத்தில் ஏற்ற வேண்டியிருந்தால் சில தளங்கள் தமிழ்ப் பெயர் உள்ள கோப்பை ஏற்காது. இடைவெளி விடாமல் இப்படிப் பெயரிட்டால் தகராறு இருக்காது:

```
07_rear_left_setback.jpg
08_rear_left_tape.jpg
```

இந்த எண்கள்தான் எல்லாவற்றையும் கோக்கும் நூல். மனைப்படத்தின் ஒரு நகலில், ஒவ்வொரு படத்தையும் எங்கே நின்று எந்தத் திசையில் எடுத்தீர்கள் என்று அம்புக்குறி போட்டு, அதே எண்ணை எழுதுங்கள். ஏ4 தாளுக்கு நான்கு படம் அச்சிட்டு, ஒவ்வொன்றின் கீழும் எண், தேதி, என்ன தெரிகிறது என்று ஒரு வரி. யாரும் இதைக் கேட்கமாட்டார்கள், நீங்களாகவே கொடுங்கள். படத்தையும் வரைபடத்தையும் மாறிமாறிப் புரட்டும் வேலை அதிகாரிக்கு மிச்சமாகிறது. எது எந்தப் பக்கம் என்ற கேள்வியோடு கோப்பு திரும்புவதும் நிற்கும்.

மூடுவதற்கு முன் படம் எடுக்காமல் போனவர்கள் வேறு வீட்டுப் படத்தை வைத்து ஒப்பேற்ற நினைக்காதீர்கள். பொறியாளரிடம் சொன்னால் கான்கிரீட்டை உடைக்காமலே சோதிக்கும் வழி இருக்கிறது. கம்பி எங்கே, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று காட்டும் கருவி உண்டு. கான்கிரீட் மேற்பரப்பின் உறுதியைச் சுத்தியல் மாதிரி ஒரு கருவியால் தட்டி மதிப்பிடலாம். அஸ்திவாரத்தை இவற்றால் பார்க்க முடியாது. அதற்கு ஒரு மூலையில் சிறு குழி தோண்டி ஆழத்தைப் படமெடுப்பார்கள். அதோடு கம்பி, சிமென்ட் வாங்கிய ரசீதுகளையும் இணைத்து, பொறியாளர் கட்டட உறுதிச் சான்று எழுதிக் கொடுப்பார். செலவு கூடும், ஆனால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளப்படும்.

6. செலவும் காலமும்

எந்தெந்தத் தலைப்பில் பணம் போகும் என்று முன்பே தெரிந்தால் நடுவில் திணற வேண்டாம். விண்ணப்பக் கட்டணம், பரப்பின் அடிப்படையிலான ஆய்வுக் கட்டணம், பொறியாளரின் அளவெடுப்புக்கும் வரைபடத்துக்கும், அச்சு, திருத்திய அனுமதி வேண்டியிருந்தால் அதன் கட்டணம், கூடுதல் பரப்புக்கான கட்டணம். இவற்றில் கடைசி இரண்டும் மற்ற எல்லாவற்றையும் தாண்டிவிடக்கூடும். மூன்றாம் படியில் மாற்றங்களைப் பிரித்தபோதே அலுவலகத்தில் இவற்றுக்கு எழுத்தில் மதிப்பீடு கேட்டுவிடுங்கள். சான்றிதழில் வரும் பரப்பை வைத்துச் சொத்து வரியும் திருத்தப்படும், அதையும் கணக்கில் வையுங்கள்.

எப்போது விண்ணப்பிக்கலாம்? உள்பக்க வண்ணப்பூச்சும் அலமாரியும் முடிய வேண்டும் என்று பொதுவாகக் கேட்பதில்லை. படிக்கட்டுக் கைப்பிடி, மாடிக் கைப்பிடிச் சுவர், ஒரு கழிவறையாவது தண்ணீரோடு, கழிவுநீர் இணைப்பு, மின்வேலை ஆகியவை முடியாமல் போகாதீர்கள். பாதுகாப்பும் சுகாதாரமும்தான் அளவுகோல். மாடியை அடுத்த வருடம் கட்டலாம் என்றிருப்பவர்கள், முடிந்த தளத்துக்கு மட்டும் பகுதிச் சான்றிதழ் கிடைக்குமா என்று கேளுங்கள்.

7. கொடுப்பதும் ஆய்வும்

விண்ணப்பத்தை நேரில் கொடுத்தால், உங்கள் நகலின் முதல் தாளில் மட்டுமல்லாமல் இணைப்புப் பட்டியலிலும் முத்திரை வாங்குங்கள். பின்னால் ஏதாவது தாள் காணாமல்போனால் கொடுத்தீர்கள் என்பதற்கு அதுதான் ஆதாரம். பதிவு எண்ணையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். இத்தனை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று விதி இருந்தால் அந்த நாள் இந்தத் தேதியிலிருந்துதான் ஓடத் தொடங்கும்.

ஆய்வு நாளில் கழிவுநீர்த் தொட்டி மூடியைத் திறக்க முடிகிறதா, மொட்டைமாடிக்குப் போக வழி இருக்கிறதா என்று பாருங்கள். டேப், அனுமதித்த வரைபடம், கட்டியபடி வரைபடம் மூன்றும் கையில் இருக்கட்டும். அளக்கும்போது மறுமுனையை நீங்களே பிடியுங்கள். சுற்றுச்சுவரின் உள்முகத்தை எல்லையாக எடுத்தால் அங்கேயே மரியாதையாக, சுவர் தடிமனைச் சேர்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். எழுதிப் போன பிறகு திருத்துவது பெரும்பாடு.

குறை சொன்னால் எழுத்தில் தரும்படி கேளுங்கள். வாய்மொழியில் கேட்ட மூன்று விஷயத்தைச் சரிசெய்துகொண்டு போனால் நான்காவது ஒன்று வரும். கடிதமாக இருந்தால் பட்டியல் அதோடு முடியும். பதிலையும் அதே வரிசையில் எழுதுங்கள்:

"குறிப்பு 1: பின்பக்க இடைவெளியில் கட்டுமானம். பதில்: துவைக்கும் இடம் திருத்திய வரைபடத்தில் காட்டப்பட்டுள்ளது, தாள் 1 காண்க. எஞ்சிய இடைவெளி 1.78 மீட்டர். படம் 7, 8 இணைக்கப்பட்டுள்ளன.

குறிப்பு 2: படிக்கட்டில் கைப்பிடி இல்லை. பதில்: பொருத்தப்பட்டது. படம் 21 இணைக்கப்பட்டுள்ளது."

விளக்கமும் வருத்தமும் வேண்டாம். குறிப்பு, பதில், தாள் எண், பட எண் போதும்.

8. சான்றிதழ் கைக்கு வந்ததும்

கவுண்ட்டரை விட்டு நகர்வதற்கு முன் படித்துப் பாருங்கள். பெயர் பத்திரத்தில் உள்ளபடியே இருக்கிறதா, மனை எண் சரியா, தளங்களின் எண்ணிக்கை, குடியிருப்பு என்ற பயன்பாடு, பரப்பு 111.24 என்று திருத்தியபடி வந்திருக்கிறதா அல்லது பழைய 108.00 வந்திருக்கிறதா. பரப்பு பழையதாக இருந்தால் துவைக்கும் இடம் சான்றிதழுக்கு வெளியே நிற்கும். பிறகு வீட்டை விற்கும்போதோ வங்கிக் கடன் கேட்கும்போதோ அது அனுமதியில்லாக் கட்டுமானமாகப் பேசப்படும். தவறிருந்தால் அன்றைக்கே திருத்த விண்ணப்பம் கொடுங்கள்.

கட்டியபடி வரைபடத்தில் முத்திரையிட்ட ஒரு தொகுதியையும் கேட்டு வாங்குங்கள். சான்றிதழ் மட்டும் கொடுத்து அனுப்பும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அடுத்த முறை மாடி கட்ட அனுமதி கேட்கும்போது அடிப்படையாகக் கொடுக்க வேண்டியது இந்த வரைபடம்தான். முதல் படியில் தனியாக எடுத்துவைத்த காப்புத்தொகை ரசீதோடு, சான்றிதழின் நகலை இணைத்து, பணத்தைத் திருப்பிக் கேட்டு அதே நாளில் விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள். நீங்கள் கேட்காமல் அது தானாக வராது.